செய்து முடிச்ச மாசத்துக்கு கொமிஷன் ரூலை மாத்திட்டாங்களா? ரெப்மாருக்கு படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில ஏஜென்சிகளில ரூட் போற ரெப்மாருக்காகத்தான் இதை எழுதுறன். நானும் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை ரூட்டில வருசக்கணக்கா ஓடினவன், எனக்கும் ஒருக்கா இப்பிடி வெட்டினவங்க, பிறகு கொஞ்சப் பேருக்கு கடிதம் எழுத உதவி செய்திருக்கிறன். எல்லாரும் விழுற இடம் ஒண்டுதான். காசு குறைஞ்சத பாத்த உடன நேர ஒபிஸுக்கு போய் "இது அநியாயம் சேர்" எண்டு சத்தம் போடுறது, அதுக்குப் பிறகுதான் பேப்பர் தேடுறது. அது தலைகீழ். பேப்பர் முதல், கணக்கு ரெண்டாவது, வாய் மூண்டாவது.

விளக்கத்துக்கு ஒரு தம்பியிட கணக்க கடைசி வரைக்கும் கொண்டு போறன். அவருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல கொமிஷன். ஆகஸ்ட் 1ம் திகதி வந்த சுற்றறிக்கையில டார்கெட் 30 லட்சம். 80% க்கு கீழ ஒண்டும் இல்லை, 80 இலிருந்து 100 க்குள்ள எண்டா விற்பனையில 0.75%, 100% தாண்டினா முழு விற்பனைக்கும் 1.25%. அவர் தாண்டிட்டார். செப்டம்பர் 4ம் திகதி வட்ஸ்அப் குரூப்பில ஒரு மெசேஜ்: "ஆகஸ்ட் மாதத்திலிருந்து மாத முடிவுக்குள் கலெக்ட் பண்ணிய தொகைக்கு மட்டும் கொமிஷன்." ஆகஸ்ட் முடிஞ்சு 4 நாள்.

1. ஒருத்தரோடயும் கதைக்க முதல் எடுத்து வைக்க வேண்டியது

நீங்க கேள்வி கேட்ட நிமிசத்தில இருந்து மற்றப் பக்கமும் கவனமாயிடும். குரூப்பில போட்ட மெசேஜ் அழியலாம், டப்பில இருக்கிற அச்சீவ்மென்ட் ஸ்கிரீன் புது ரூல்படி மாறலாம், சில இடத்தில உங்கட லொகினையே நிப்பாட்டுவாங்க. அதாலதான் இது முதல் படி.

எடுக்க வேண்டியது நாலு. அப்பொயின்ட்மென்ட் லெட்டர். அந்த மாசத்து பழைய சுற்றறிக்கை, அது வந்த திகதி தெரியிற மாதிரி. ரூலை மாத்தின மெசேஜ், அதுவும் திகதி, நேரம், அனுப்பின ஆளிட பெயர் தெரியிற மாதிரி. நாலாவது, உங்கட மாத விற்பனை, ரிட்டேர்ன், கலெக்‌ஷன் மூண்டும். இதுகளோட கடைசி 6 மாச சம்பளச் சிட்டையும் இருந்தா நல்லம், ஏனெண்டா கொமிஷன் வழமையா எந்த முறையில கணக்குப் பாத்து தந்தவங்க எண்டத அதுதான் காட்டும். சுற்றறிக்கை தெளிவில்லாமல் இருந்தா இந்த வழமைதான் உங்கட பலம்.

வட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷொட் மட்டும் காணாது. ஒரு மெசேஜை தனிய வெட்டிக் காட்டினா "முன்னுக்கு பின்னுக்கு என்ன கதைச்சது" எண்டு கேப்பாங்க. அந்த குரூப்புக்குள்ள போய் Export chat குடுத்து உங்கட சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கோ, அதுக்கு மேல ஸ்கிரீன்ஷொட்டும் எடுங்கோ.

இதில ஒரு கவனம். உங்கட கணக்க மட்டும் எடுங்கோ. முழு கஸ்டமர் லிஸ்டையோ மற்ற ரெப்மாரிட கொமிஷன் ஷீட்டையோ உங்கட ஈமெயிலுக்கு அனுப்பினா, காசுப் பிரச்சினை ஒரு பக்கம் போய் "கொம்பனி தகவல் களவு" எண்டு உங்களுக்கே விசாரணை வைப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சரியான நியாயத்தோட போய் இந்த ஒரு பிழையால மாட்டினவர்.

2. சம்பளம் தர வேண்டியது ஆரெண்டு பாருங்கோ

எங்கட ஊரில இது பெரிய குழப்பம். கொமிஷன் ஸ்கீம் கொழும்புக் கொம்பனியால வரும், டார்கெட் குடுக்கிறது கொம்பனியிட ஏரியா மனேஜர், ஆனா உங்கள வேலைக்கு எடுத்தது டவுனில இருக்கிற ஏஜென்சி. காசு குறைஞ்சா ஏஜென்சி முதலாளி "கொம்பனி அனுப்பேல்ல தம்பி, நான் என்ன செய்ய" எண்டுவார், ஏரியா மனேஜர் "நீங்க ஏஜென்சி ஸ்டாஃப், அங்க கேளுங்கோ" எண்டுவார். ரெண்டு மாசம் இதில போயிடும்.

அப்பொயின்ட்மென்ட் லெட்டரில கையெழுத்து வச்சது ஆர், ஈபிஎஃப் ஆரிட நம்பரில போகுது, சம்பளம் எந்த எக்கவுன்டில இருந்து வருது. இந்த மூண்டும் காட்டுற ஆள்தான் உங்கட முதலாளி, கடிதம் அவருக்குத்தான். ஏரியா மனேஜருக்கு பிரதி மட்டும். கொம்பனி ஏஜென்சிக்கு காசு குடுத்ததா இல்லையா எண்டது அவையள் ரெண்டு பேருக்கும் இடையில உள்ள கணக்கு, அதை உங்கட தலையில ஏத்தி வைக்காதீங்கோ.

லெட்டரே தரேல்ல எண்டா? கடை, காரியாலய ஊழியர் சட்டம் எண்டு 1954ம் ஆண்டு 19ம் இலக்கச் சட்டம் இருக்கு, வேலைக்கு சேரேக்க சம்பள விபரத்தோட எழுத்தில தர வேணும் எண்டு அதில இருக்கு. தராதது அவையிட பிழை, அதால உங்கட உரிமை இல்லாமப் போகாது. சம்பளச் சிட்டையும் சுற்றறிக்கையும் வச்சு நிறுவலாம்.

3. கொமிஷன் எந்த நேரத்தில உங்கட காசாகுது எண்டு கண்டுபிடியுங்கோ

முழு விசயத்திலயும் இதுதான் உயிர்நாடி. கொமிஷன் "உழைச்சு முடிஞ்சது" எண்டு சொல்ற நேரம் ஸ்கீமுக்கு ஸ்கீம் வேற. சிலதில இன்வொய்ஸ் அடிச்ச உடன, சிலதில சாமான் கடையில இறக்கின உடன, சிலதில காசு வந்த உடன, சிலதில செக் பாஸான பிறகுதான்.

பழைய சுற்றறிக்கைய ஆறுதலா வாசிச்சு அந்த வார்த்தைய தேடுங்கோ. தம்பியிட சுற்றறிக்கையில இருந்தது "மாதத்துக்குள் இன்வொய்ஸ் செய்த விற்பனையிலிருந்து அதே மாதத்து ரிட்டேர்ன் கழித்த தொகை". கலெக்‌ஷன் எண்ட சொல்லே இல்லை. அப்ப ஆகஸ்ட் 31 இரவோட அவரிட வேலை முடிஞ்சுது, கொமிஷனும் உழைச்சு முடிஞ்சுது. செப்டம்பர் 4ம் திகதி மெசேஜ் அதுக்குப் பின்னால வந்தது.

உங்கட பழைய ரூலிலயே "கலெக்‌ஷனுக்கு மட்டும்" எண்டு இருந்து, இவ்வளவு நாளும் பாக்காம விட்டுட்டு இப்ப பாத்தாங்க எண்டா உங்கட நிலை வேற. அப்ப ரூல் மாறேல்ல, ரூலை இப்பதான் பிடிக்கிறாங்க. அந்த இடத்தில "பின்னால மாத்திட்டாங்க" எண்டு கடிதம் எழுதினா முதல் வரியிலயே விழுந்திடும். அங்க நீங்க கதைக்க வேண்டியது பழைய சம்பளச் சிட்டைகள் காட்டுற வழமையப் பற்றி.

"நிர்வாகம் இந்தத் திட்டத்தை எந்நேரமும் மாற்றலாம்" எண்டு ஒரு வரி அநேகமா எல்லா சுற்றறிக்கையிலயும் கடைசியில இருக்கும். அதைக் கண்டதும் கனபேர் கை விட்டுடுவாங்க. கை விடாதீங்கோ, வடிவா வாசியுங்கோ. மாத்தலாம் எண்டது இனி வாற வேலைக்கு மாத்தலாம் எண்டு வாசிக்கிறதுதான் இயல்பு, செய்து முடிச்ச வேலைக்கும் பின்னோக்கி மாத்தலாம் எண்டு அதில எழுதியிருக்கா எண்டு பாருங்கோ. ஆனா "கொமிஷன் வழங்குவது முற்றிலும் நிர்வாகத்தின் விருப்பம்" எண்டு இருந்தா உங்கட பிடி தளர்வுதான். அதுக்காக கேக்காம விட வேணாம், ஆனா கடிதத்தில உரிமை எண்டத விட வழமையயும் கணக்கையும் முன்னுக்கு வையுங்கோ.

மாசத்துக்கு நடுவில மாத்தினா, உதாரணத்துக்கு 18ம் திகதி அறிவிச்சு மாசம் முழுக்க எண்டு சொன்னா, 18 வரைக்கும் செய்த விற்பனைய பழைய ரூலிலயும் பிறகு செய்தத புது ரூலிலயும் பிரிச்சு எழுதுங்கோ. டார்கெட்டையும் நாள்கணக்கில பிரிக்க வேணும், இல்லாட்டி 18 நாள் விற்பனைய 30 நாள் டார்கெட்டோட வச்சுப் பாத்து உங்கள கீழ் ஸ்லாப்பில தள்ளிடுவாங்க.

4. ரெண்டு ரூலாலயும் கணக்குப் போடுங்கோ

எவ்வளவு குறைஞ்சது எண்டு ரூபாயில சொல்ல ஏலாத ஆளிட முறைப்பாட்டை ஒருத்தரும் முன்னுக்கு கொண்டு போக மாட்டாங்க. தம்பியிட கணக்கு இப்பிடி.

ஆகஸ்ட் இன்வொய்ஸ் 31 லட்சத்து 80 ஆயிரம். அதே மாசத்து ரிட்டேர்ன் 60 ஆயிரம். கழிச்சா 31 லட்சத்து 20 ஆயிரம், டார்கெட்டில 104%. பழைய ரூல்படி 1.25%, அதாவது 39,000 ரூபா.

மாசக் கடைசிக்குள்ள கலெக்ட் பண்ணினது 24 லட்சத்து 30 ஆயிரம். புது ரூலில அது 81%. அப்ப 0.75%, அதாவது 18,225 ரூபா. வித்தியாசம் 20,775 ரூபா.

பாருங்கோ, இதில ரெண்டு அடி விழுது. தொகையும் குறைஞ்சது, அதால ஸ்லாப்பும் இறங்கிட்டுது. "கலெக்‌ஷன் வராத காசுக்குத்தானே வெட்டினோம், அடுத்த மாசம் கலெக்ட் பண்ணினா வந்திடும்" எண்டு ஒபிஸில சொல்லுவாங்க. மிச்சம் 6 லட்சத்து 90 ஆயிரமும் செப்டம்பரில வந்து அதுக்கு 1.25% குடுத்தாலும் 8,625 தான். 20,775 திரும்பி வராது. இந்த ஒரு கணக்க காட்டின உடனதான் அந்த ஏஜென்சி கணக்காளரே "ஓம், இது சரியில்லைத்தான்" எண்டு சொன்னவர்.

புதுசா கணக்குப் போடுற ஆக்கள் செய்யிற பிழை ரிட்டேர்ன கழிக்க மறக்கிறது. அந்த 60 ஆயிரத்த விட்டிருந்தா தம்பி 39,750 கேட்டிருப்பார். 750 ரூபாதான் கூட, ஆனா அந்த 750ஐ பிடிச்சுக்கொண்டு "இவர்ட கணக்கே பிழை" எண்டு முழுக் கடிதத்தையும் ஒதுக்கி வச்சிடுவாங்க. உங்களுக்கு எதிரான தொகைய நீங்களே கழிச்சுக் காட்டுங்கோ.

இன்னொரு விசயம் ஈபிஎஃப். கொமிஷன் ஈபிஎஃப் கணக்குப் பாக்கிற உழைப்புக்குள்ள வரும். அப்ப இந்த 20,775க்கு முதலாளி பங்கு 12% எண்டா 2,493 ரூபா, ஈடிஎஃப் 3% எண்டா 623 ரூபா சொச்சம், இதுவும் உங்களுக்கு இல்லாமப் போகுது. சில இடங்களில கொமிஷனுக்கு "இன்சென்டிவ்" எண்டு பேர் மாத்தி இதிலிருந்து தப்பப் பாப்பாங்க, அதால சம்பளச் சிட்டையில என்ன பெயரில இருக்கு எண்டு குறிச்சு வையுங்கோ.

5. குறைஞ்ச காசு வாற அண்டு செய்ய வேண்டியது

காசை வாங்குங்கோ. வாங்காம விடுறதால ஒரு பிரயோசனமும் இல்லை, வீட்டில வாடகை கரண்ட் பில் நிக்காது. ஆனா வாங்குறது வேற, கணக்க ஏற்கிறது வேற.

வவுச்சரில "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" எண்டு இருந்தா, கையெழுத்துக்குப் பக்கத்தில "ஆகஸ்ட் கொமிஷன் கணக்கை ஏற்காமல், பகுதித் தொகையாகப் பெற்றேன்" எண்டு எழுதி ஒரு போட்டோ எடுங்கோ. பேங்கில விழுந்தா அண்டைக்கே மனேஜருக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, ரெண்டு வரி போதும். மூண்டு மாசம் பேசாம வாங்கினா "அவர் ஒத்துக்கொண்டுதானே வேலை செய்தவர்" எண்ட கதை வந்திடும், அதை உடைக்கிறது சரியான கஷ்டம்.

புது ஸ்கீமுக்கு "ஓகே" எண்டு குரூப்பில தம்ஸ்அப் போடுறதும் இதுதான். எல்லாரும் போடுறாங்க எண்டு போடாதீங்கோ. கையெழுத்து கேட்டா திகதியோட "1 செப்டம்பருக்கு முந்தைய விற்பனைக்கு இது பொருந்தாது" எண்டு எழுதிப் போட்டு வையுங்கோ.

6. முதல் வாயால கேளுங்கோ, அண்டைக்கே எழுத்தில போடுங்கோ

எடுத்த எடுப்பில கடிதம் குடுத்தா சின்ன ஊரில அது சண்டையாத்தான் தெரியும், உண்மையில கணக்காளரிட பிழையாவும் இருக்கலாம். அதால முதல் போய்க் கதையுங்கோ. கேள்வி ஒண்டுதான் இருக்க வேணும்: "சேர், ஆகஸ்ட் விற்பனைக்கு எந்தச் சுற்றறிக்கைப்படி கணக்குப் பாத்தீங்க?" அநியாயம், குடும்பக் கஷ்டம், மற்றவருக்கு எவ்வளவு எண்ட ஒண்டையும் இழுக்காதீங்கோ. அவர் என்ன பதில் சொன்னாலும் அது உங்களுக்கு உதவும். புது ரூல்படி எண்டு சொன்னா பின்னோக்கி மாத்தினத அவரே ஒத்துக்கொண்டார். பழைய ரூல்படி எண்டா கணக்கு பிழை.

வெளியில வந்த உடன மெசேஜ்: "சேர், இண்டைக்கு கதைச்சபடி ஆகஸ்ட் கொமிஷன் செப்டம்பர் 4ம் திகதி அறிவித்தல்படி கணக்கிடப்பட்டதாகச் சொன்னீங்கள். சரிதானே?" பதில் வராட்டியும் பரவாயில்லை, நீங்க கேட்ட திகதி பதிஞ்சிட்டுது.

இந்த நேரத்தில கோவத்தில ரிசைன் லெட்டர் குடுக்கிறதுதான் பெரிய பிழை. தொழில் நியாய சபைக்கு போறது அடிப்படையில வேலை நீக்கத்துக்குத்தான், அதுவும் நீக்கி 6 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்க வேணும். நீங்களா எழுதிக் குடுத்து விலகினா அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிடும், கொமிஷன் காசையும் "விலகின ஆளுக்கு இல்லை" எண்டு ஒரு வரிய காட்டி மறுப்பாங்க.

7. ஒரு பக்கக் கடிதம்

ஒரு கிழமைக்குள்ள சரியான பதில் வராட்டி கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல போக வேணாம், வாசிக்க மாட்டாங்க. தம்பி குடுத்தது கிட்டத்தட்ட இது:

"ஆகஸ்ட் மாதக் கொமிஷன் குறைநிலுவை தொடர்பாக. ஆகஸ்ட் 1ம் திகதிய சுற்றறிக்கைப்படி நான் அம்மாதத்தில் 3,120,000 ரூபா தேறிய விற்பனை செய்துள்ளேன். இதற்குரிய கொமிஷன் 39,000 ரூபா. செப்டம்பர் 4ம் திகதி அறிவிக்கப்பட்ட புதிய விதியை முடிவடைந்த ஆகஸ்ட் மாதத்துக்குப் பயன்படுத்தி 18,225 ரூபா மட்டும் வழங்கப்பட்டுள்ளது. மீதி 20,775 ரூபாவையும் அதற்குரிய ஈபிஎஃப், ஈடிஎஃப் பங்களிப்பையும் 14 நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. புதிய விதி எதிர்கால விற்பனைக்குப் பொருந்துவது பற்றித் தனியாகப் பேச விரும்புகிறேன்."

கடைசி வசனம் முக்கியம். முடிஞ்ச மாசத்தையும் வரப்போற மாசத்தையும் ஒண்டாக் கலந்தா, முதலாளி வரப்போற மாசத்தப் பற்றி மட்டும் கதைச்சு "வியாபாரம் அப்பிடி, கடன் கூடிட்டுது" எண்டு முடிச்சிடுவார். அது அவருக்கு நியாயமாவும் இருக்கலாம். ஆனா ஆகஸ்ட் முடிஞ்ச கணக்கு.

கையில குடுத்தா பிரதியில திகதியோட கையெழுத்து வாங்குங்கோ, தர மாட்டன் எண்டா பதிவுத் தபாலில அனுப்பி துண்ட வச்சிருங்கோ. நாலு ரெப்மாருக்கும் வெட்டியிருந்தா ஒரே நாளில நாலு பேரும் குடுங்கோ, ஆனா ஒவ்வொருத்தரும் தன்ட தொகையோட தனிக் கடிதம். ஒரே கடிதத்தில நாலு கையெழுத்து எண்டா ஒருத்தர் பின்வாங்கினதும் கடிதம் செத்துடும். தனிய குடுத்தா ரூட்டை மாத்திப் பழிவாங்குவாங்களோ எண்ட பயம் இருக்கும், அந்தப் பயம் சரியானதுதான், நாலு பேர் எண்டா அது குறையும்.

8. 14 நாள் போனா தொழில் அலுவலகம்

டவுனில இருக்கிற மாவட்டத் தொழில் அலுவலகத்தில முறைப்பாடு எழுத்தில குடுக்கலாம். கிழக்கு மாகாணத்தில தமிழும் நிர்வாக மொழி, அதால தமிழிலயே எழுதுங்கோ, தெரியாத மொழியில ஆரையும் வச்சு எழுதி கருத்து மாறிப் போக விடாதீங்கோ. முறைப்பாட்டோட அப்பொயின்ட்மென்ட் லெட்டர், ரெண்டு அறிவித்தல், கணக்குத் தாள், கடிதப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி. ஒறிஜினல் ஒண்டையும் விட்டுட்டு வராதீங்கோ.

அங்க ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. முதல் கேள்வியே "இது சம்பளமா, விருப்பத்துக்கு குடுக்கிற ஊக்குவிப்பா" எண்டதா இருக்கும், ஏனெண்டா சம்பளச் சட்டங்கள் கொமிஷனை அடிப்படைச் சம்பளம் மாதிரி நேரடியாப் பிடிக்காத இடங்கள் இருக்கு. இதுக்குத்தான் அப்பொயின்ட்மென்ட் லெட்டரில கொமிஷன் பற்றி இருக்கிற வரிய அடிக்கோடு போட்டு கொண்டு போங்கோ. மாசாமாசம் தந்த சிட்டைகளும், ஈபிஎஃப் கழிச்சிருந்தா அதுவும், இது ஒருக்கா தந்த பரிசில்லை எண்டத காட்டும். அப்பவும் அவையளால உத்தரவு போட ஏலாது எண்டு சொன்னா, இணக்கத்துக்கு ரெண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்கச் சொல்லிக் கேளுங்கோ, கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில அதுக்கு இடம் இருக்கு. மிச்சம் சிவில் வழக்குத்தான், 20 ஆயிரத்துக்கு அது கட்டுமா எண்டு ஒரு சட்டத்தரணியிட்ட கேட்டு முடிவெடுங்கோ. பல மாசமா, பல பேருக்கு வெட்டியிருந்தா கணக்கு வேற.

தம்பியிட விசயம் அது வரைக்கும் போகேல்ல. கடிதம் குடுத்து 11ம் நாள் முதலாளி கூப்பிட்டு "பாதி தாறன், விடு" எண்டவர். தம்பி ஆகஸ்டுக்கு முழுக் காசும் வேணும், செப்டம்பர் 4க்குப் பிறகு புது ரூலுக்கு ஒத்துக்கொள்றன் எண்டு எழுதிக் குடுத்தார், அக்டோபர் சம்பளத்தில "கொமிஷன் நிலுவை" எண்டு 20,775 வந்தது. ஈபிஎஃப் கழிச்சிருக்கா எண்டு சிட்டையில பாக்கச் சொன்னன், கழிக்கேல்ல. அந்த ஈபிஎஃபுக்கு இப்ப ரெண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறம்.